0.65 என்ற எண்ணை நம்பிச் செவிலியரின் வருகையை நிறுத்தாதீர்கள்
சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கு மனநல ஆலோசனைத் திட்டம் வகுக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

நீங்கள் கருத்துக் கேட்டு வெளியிட்ட வரைவை இரண்டு முறை முழுவதும் படித்தேன். மலைமேல் மனச்சோர்வோடு வாழ்கிறவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது, உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். அதை மனமார வரவேற்கிறேன். மருத்துவப் புள்ளியியல் கற்பிப்பதையே பிழைப்பாகக் கொண்டு சேலத்தில் பல ஆண்டுகள் கழித்தவன் நான். அந்த உரிமையில், வரைவின் மூன்றாம் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுதுகிறேன்.

“பேச்சுச் சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் விளைவளவு 0.65 எனத் தெரிகிறது. எனவே ஆலோசகர்களை நியமிப்பதற்கான செலவை, கிராம சுகாதாரச் செவிலியரின் தொடர் வீட்டு வருகைகளைக் குறைத்து ஈடுசெய்யலாம்.” இதுதான் அந்த வாக்கியம். முதல் பாதியில் ஓர் எண், இரண்டாம் பாதியில் ஒரு முடிவு, நடுவில் “எனவே”. அந்த “எனவே”யைத் தாங்கும் வலு அந்த எண்ணுக்கு இல்லை. பல ஆய்வுகளின் விடைகளைச் சேர்த்து ஒரே விடை காணும் தொகுப்பாய்வு என்ற முறையில் குற்றமில்லை. அதன் விடையை நாம் படிக்கும் விதத்தில்தான் தவறு நேர்கிறது.

விளைவளவு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆய்வில் சிகிச்சை பெற்றவர்கள் ஒரு குழு, பெறாதவர்கள் இன்னொரு குழு. இரண்டு குழுக்களின் சராசரி மதிப்பெண்ணுக்கும் இடையிலுள்ள இடைவெளியை எடுத்து, மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றனவோ அந்தச் சிதறலால் வகுத்தால் கிடைப்பது விளைவளவு. ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு கேள்வித்தாளைப் பயன்படுத்துவதால், எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்த இந்த வகுத்தல் தேவைப்படுகிறது. மனச்சோர்வை அளக்க நம் சுகாதார நிலையங்களில் வைத்திருக்கும் பி.எச்.கியூ-9 படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கேள்விகள், 0 முதல் 27 வரை மதிப்பெண். அதன் சிதறல் 5 என்று வைத்துக்கொண்டால், 0.65 என்பது மூன்று மதிப்பெண்ணுக்குச் சற்று மேலான முன்னேற்றம். தூங்காமல் கிடந்தவருக்குத் தூக்கம் வருகிறது, சோற்றைப் பார்த்தால் வெறுப்பு என்றவர் இரண்டு வேளையாவது சாப்பிடுகிறார் என்ற அளவுக்கு அது கண்ணில் படும். சிறிய விஷயமில்லை.

ஆனால் அது யாரைவிட முன்னேற்றம்? வரைவு இதைச் சொல்லவில்லை. எதனோடு ஒப்பிட்டுக் கிடைத்தது என்பதைச் சேர்க்காத விளைவளவு பாதி வாக்கியம்தான்.

சிகிச்சை ஆய்வுகளைத் தொகுக்கும் இந்த வழி பிறந்த கதையிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. மனநோய்க்குப் பேச்சுச் சிகிச்சையால் பயனே இல்லை என்ற வாதம் பல ஆண்டுகளாக ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில், மேரி லீ ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 375 ஆய்வுகளைத் திரட்டி, 1977இல் சராசரி விளைவளவு 0.68 என்று வெளியிட்டார்கள். “ஒன்றுமே செய்யாமல் விடுவதைவிட இது மேலா?” என்பதுதான் அன்று விடை தேடிய கேள்வி. அந்தக் கேள்விக்கு அது நல்ல விடை. உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி வேறு. மலையில் இப்போது ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதைக் குறைத்துவிட்டு இதைக் கொண்டுவந்தால் நிலைமை மேம்படுமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் எவ்வளவு விலகிப்போகக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு சாட்சி. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய மானஸ் ஆய்வு அது. முடிவுகள் 2010இல் லான்செட் இதழில் வெளிவந்தன. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் 12, தனியார் மருத்துவர்களின் கிளினிக்குகள் 12. மனநல மருத்துவர் அல்லாத, உள்ளூரில் பயிற்சி கொடுத்துத் தேர்ந்தெடுத்த ஆலோசகர்களைச் சில இடங்களில் அமர்த்தினார்கள். மற்ற இடங்களில் மருத்துவரின் வழக்கமான கவனிப்பே தொடர்ந்தது. நீங்கள் வகுக்கும் திட்டத்துக்கு இதைவிட நெருங்கிய உறவுள்ள ஆய்வு கிடைப்பது அரிது.

ஆறு மாதம் கழித்துக் குணமடைந்தவர்களை எண்ணினார்கள். எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஆலோசகர் இருந்த இடங்களில் 65.0 விழுக்காடு, இல்லாத இடங்களில் 52.9 விழுக்காடு. 12 புள்ளி வித்தியாசம். இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மூடியிருந்தால், “ஆலோசகரை வைத்தால் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் கூடுதலாகக் குணமடைவார்கள்” என்று எழுதிவிடுவோம்.

இப்போது பிரித்துப் பாருங்கள். அரசு நிலையங்களில் ஆலோசகர் இருந்தபோது 65.9 விழுக்காடு, இல்லாதபோது 42.5. தனியார் கிளினிக்குகளில் ஆலோசகர் இருந்தபோது 64.1, இல்லாதபோது 65.9. முதலாவதில் 23 புள்ளிக்கு மேல் பலன். இரண்டாவதில் பலனே இல்லை. சராசரியாக வந்த அந்தப் பன்னிரண்டு புள்ளி வித்தியாசம் இந்த இரு வகை இடங்களில் எங்குமே நிகழவில்லை. சித்திரை மாத நண்பகலில் சேலத்தில் 38 டிகிரி, ஏற்காட்டில் 28 டிகிரி என்றால் சராசரி 33. கணக்கு சரிதான். ஆனால் அந்த 33 டிகிரி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒரு வளைவில் இருக்கும். அங்கே யாரும் குடியிருக்கவில்லை.

அந்த நான்கு எண்களை இன்னும் ஒரு முறை பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாடம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஆலோசகர் இருந்த இடங்களில் அரசு 65.9, தனியார் 64.1. ஏறக்குறைய ஒன்றே. சிகிச்சை பெற்றவர்கள் எங்கே போனாலும் ஒரே அளவுக்குத்தான் தேறியிருக்கிறார்கள். மாறியது மறுபக்கம்: ஆலோசகர் இல்லாத அரசு நிலையத்தில் 42.5, ஆலோசகர் இல்லாத தனியார் கிளினிக்கில் 65.9. தனியார் கிளினிக்கில் பெரும்பாலும் ஒரே மருத்துவர். நோயாளியின் பெயரும் வீட்டுச் சங்கதியும் அவருக்குத் தெரியும். மறுமுறையும் அவரிடமே வருவார்கள். அந்தப் பழக்கமான கவனிப்பே ஆலோசகர் செய்யும் வேலையில் பெரும்பங்கைச் செய்துவிட்டது என்பது ஏற்கத்தக்க விளக்கம். அதற்கு மேல் ஆலோசகர் சேர்க்க மிச்சம் இருக்கவில்லை. விளைவளவு கூடுவதும் குறைவதும் சிகிச்சையின் தரத்தால் மட்டுமே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே அதைக் கூட்டிக் குறைத்தது ஒப்பீட்டுக் குழு.

ஒரே ஆய்வுக்குள், ஒரே மாநிலத்தில், ஒரே பயிற்சி பெற்ற ஆலோசகர்களிடமே இப்படி என்றால், பல நாடுகளில் பலர் நடத்திய ஆய்வுகளைக் கொட்டிக் கலந்து ஒரு சராசரி எடுக்கும்போது என்ன ஆகும்? அதைக் காட்ட ஒரு கணக்கைப் போட்டிருக்கிறேன். கீழே வரும் ஆறு ஆய்வுகள் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. எங்கும் நடந்தவை அல்ல. உங்கள் 0.65 சராசரியாக வரும்படி எண்களை எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வோர் ஆய்விலும் ஏறத்தாழ 180 பேர். முதல் மூன்று ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு காத்திருப்புப் பட்டியல். அதாவது “உங்கள் முறை வரும், மூன்று மாதம் பொறுங்கள்” என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். அவற்றின் விளைவளவு 1.1, 1.0, 0.9. அடுத்த மூன்றில் ஒப்பீட்டுக் குழுவுக்கு மருத்துவரின் வழக்கமான கவனிப்பு கிடைத்தது. அவற்றின் விளைவளவு 0.4, 0.3, 0.2. ஆறையும் கூட்டி ஆறால் வகுத்தால் 0.65.

இதைப் படமாக வரைந்தால் ஒவ்வோர் ஆய்வும் ஒரு சிறு கட்டம். கட்டத்தின் இருபுறமும் அதன் நிச்சயமின்மையைக் காட்டும் கோடு. எல்லாவற்றுக்கும் கீழே தொகுத்த விடையாக ஒரு வைரக்கல் வடிவம். ஃபாரஸ்ட் பிளாட் என்பார்கள். பெரும்பாலானவர்களின் கண் நேராக அந்த வைரக்கல்லுக்குத்தான் போகும். போகக்கூடாது. முதலில் கட்டங்களைப் பார்க்க வேண்டும். நம் ஆறு ஆய்வுகளின் படத்தில் மூன்று கட்டங்கள் வலப்புறம் கொத்தாக, மூன்று இடப்புறம் கொத்தாக நிற்கும். வலக் கொத்தின் கோடுகள் பெரும்பாலும் இடக் கொத்தின் கோடுகளைத் தொடாது. 0.9க்கு உரிய கோடு 0.6இல் தொடங்கினால் இடப்புறத்தின் 0.3க்கு உரிய கோடு அதற்கு முன்னரே முடிந்துவிடும், 0.4க்கு உரியது மட்டும் எட்டி 0.7 வரை வரும். மற்றபடி இரண்டு கொத்துகளும் தனித்தனி. வைரக்கல் 0.65இல், இரண்டுக்கும் நடுவே வெற்றிடத்தில் உட்கார்ந்திருக்கும். ஓர் ஆய்வுகூட 0.65ஐக் கண்டுபிடிக்கவில்லை.

தொகுப்பாய்வு செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் படத்தின் கீழே I², அதாவது ஐ-ஸ்கொயர், என்று ஓர் எண்ணை அச்சிடுகிறார்கள். ஹிக்கின்ஸ், தாம்ப்சன் இருவரும் 2002இல் கொடுத்த அளவை அது. ஆய்வுகளுக்கிடையே தெரியும் மொத்த வேறுபாட்டில், தற்செயலால் விளக்க முடியாத பங்கு எத்தனை விழுக்காடு என்று அது சொல்கிறது. நம் ஆறு ஆய்வுகளுக்கு அது 85 விழுக்காட்டைத் தாண்டுகிறது. “இவை ஒரே கேள்விக்கான விடைகள் இல்லை, கலக்காதே” என்று மணியடிக்கிறது.

ஆனால் அந்த மணியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. குழுக்கூட்டங்களில் “ஐ-ஸ்கொயர் சுழியம்தானே, எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன” என்று பேசக் கேட்டிருக்கிறேன். அதே ஆறு எண்களை வைத்துக்கொள்ளுங்கள்: 1.1, 1.0, 0.9, 0.4, 0.3, 0.2. எதையும் மாற்றவில்லை. ஆய்வுக்கு 180 பேர் என்பதை மட்டும் 25 பேர் என்று குறைத்துவிடுங்கள். ஐ-ஸ்கொயர் 85இலிருந்து சுழியத்துக்கு இறங்கிவிடும். ஆய்வுகள் திடீரென்று ஒத்துப்போய்விட்டனவா? இல்லை. ஒவ்வோர் ஆய்வும் சிறிதாகி, அதன் கோடு நீண்டு, எல்லாம் எல்லாவற்றோடும் உரசத் தொடங்கிவிட்டன. வேறுபாட்டைப் பார்க்கும் கண் மங்கிவிட்டது, அவ்வளவே. மாறாக, பல்லாயிரக்கணக்கானவர்கள் கொண்ட ஆய்வுகளில் 0.30க்கும் 0.35க்கும் இடையே உள்ள அற்ப வேறுபாட்டுக்கே ஐ-ஸ்கொயர் எகிறும். அது விகிதம், அளவு அல்ல. விளைவு எவ்வளவு தூரம் மாறுகிறது என்று அதைக் கேட்டால் பதில் சொல்லாது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இன்னொன்று. அதைத்தான் வரைவில் தேடினேன். முன்கணிப்பு இடைவெளி என்று அதற்குப் பெயர். தொகுப்பாய்வில் வழக்கமாக அச்சாகும் நம்பக இடைவெளி, சராசரி எங்கே இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறது. 180 பேர் கொண்ட நம் ஆறு ஆய்வுகளுக்கு அது 0.34 முதல் 0.96 வரை. முழுவதும் சுழியத்துக்கு மேலே. பார்த்தால் தெம்பாக இருக்கும். முன்கணிப்பு இடைவெளி கேட்பது வேறு: இதே மாதிரி ஏழாவதாக ஒரு புதிய இடத்தில் தொடங்கினால், அங்கே விளைவு எந்த எல்லைக்குள் விழக்கூடும்? நம் கணக்கில் அது −0.45 முதல் 1.75 வரை. அதாவது பெரும் நன்மையும் வரலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம், தீங்காகவும் முடியலாம். ஆறே ஆய்வுகளிலிருந்து கணித்ததால் இது இவ்வளவு அகலம்; கறாரான எல்லை என்று அதையும் பிடித்துக்கொள்ளக்கூடாது. ஆனாலும் நம் மலையின் நாகலூரும் வெள்ளக்கடையும் உங்கள் திட்டத்துக்கு “சராசரி” இல்லை. அவை ஏழாவது இடம். உங்களுக்கு உரிய இடைவெளி இரண்டாவதுதான்.

அப்படியானால் தொகுப்பதையே விட்டுவிடலாமா? வேண்டாம். ஒத்ததை ஒத்ததோடு தொகுத்தால் தெளிவு பிறக்கிறது. வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்ட மூன்றை மட்டும் சேர்த்தால் விளைவளவு 0.3, நம்பக இடைவெளி 0.13 முதல் 0.47 வரை, மூன்றுக்குள்ளும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பி.எச்.கியூ-9 படிவத்தில் அது ஒன்றரை மதிப்பெண். 0.65 தந்த மூன்றேகால் மதிப்பெண்ணில் பாதிகூட இல்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு உரிய விடை. ஒரு கவனம் இங்கேயும் தேவை. காத்திருப்புப் பட்டியல் ஆய்வுகள் வேறு பல விதங்களிலும் மாறுபட்டிருக்கலாம். விளம்பரம் பார்த்துத் தாமாக வந்தவர்களாக இருக்கலாம், நோயின் கடுமை குறைவாக இருக்கலாம். எந்த ஆய்வு எந்த ஒப்பீட்டைப் பயன்படுத்தியது என்பதை யாரும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. ஆகவே ஆய்வுகளைப் பிரித்துப் பார்ப்பது நல்ல துப்பு, தீர்ப்பு அல்ல. மானஸ் ஆய்வு இவ்வளவு மதிப்புப் பெறுவதற்குக் காரணம், அரசு நிலையங்களுக்குள்ளும் தனியார் கிளினிக்குகளுக்குள்ளும் தனித்தனியாகக் குலுக்கிப் பிரித்தார்கள் என்பதே.

காத்திருக்கச் சொல்லி அனுப்புவது வெறுமனே “ஒன்றும் செய்யாமல் இருப்பது” கூட இல்லை என்று நினைக்கவும் இடமிருக்கிறது. மூன்று மாதத்தில் சிகிச்சை வரப்போகிறது என்று நம்பிக் காத்திருப்பவர், இந்த இடைவெளியில் தானாக எதையும் முயலாமல் நிறுத்திவைக்கிறார். நிச்சயிக்கப்பட்ட திருமணத்துக்குக் காத்திருக்கும் வீட்டில் மற்ற வேலைகள் எல்லாம் தள்ளிப்போவதைப்போல. ஒப்பீட்டுக் குழு அப்படித் தேங்கிவிட்டால், பக்கத்தில் நிற்கும் சிகிச்சை உள்ளதைவிட உயரமாகத் தெரியும்.

ஆய்வின் தரமும் வெளிவராத ஆய்வுகளும் எண்ணை ஊதிப் பெருக்குகின்றன என்பதை விரிவாக எழுதப்போவதில்லை. இரண்டு உண்மைகளை மட்டும் தருகிறேன். பிம் கைபெர்ஸ் குழுவினர் 2010இல் பெரியவர்களின் மனச்சோர்வுக்கான 115 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் சராசரி 0.68தான் வந்தது, தரத்துக்கான எட்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றிய 11 ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது அது 0.22 ஆனது. 2015இல் எலன் டிரீசன் குழுவினர் அமெரிக்க அரசின் நிதி பெற்றுத் தொடங்கிய 55 ஆய்வுகளைத் தேடிப் போனார்கள். 13 ஆய்வுகள் அச்சேறவே இல்லை. அவற்றை நடத்தியவர்களிடம் தரவைக் கேட்டு வாங்கிச் சேர்த்ததும், ஒப்பீட்டுக் குழுவைவிடக் கிடைத்த விளைவு 0.52இலிருந்து 0.39க்கு இறங்கியது. பேச்சுச் சிகிச்சை பயனற்றது என்று இவை சொல்லவில்லை. அதே கோவாவில் நடந்து 2017இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், ஆறு முதல் எட்டு முறை ஆலோசகரோடு பேசியவர்களில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள்; மேம்படுத்திய வழக்கக் கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 விழுக்காடு. வலுவான பலன். அதுவும் ஆரம்ப சுகாதார நிலையங்களில். அந்தச் செய்தியில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஒப்பீடு எதுவென்று அது வெளிப்படையாகச் சொல்வதும் அதற்கு ஒரு காரணம்.

இனி மலைக்கு வருகிறேன். நம் வழக்கமான கவனிப்பு என்ன?

வரைவைப் படித்த பிறகு ஒரு நாள் முழுவதும் மலையில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரோடு நடந்தேன். காலையில் சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்க்கக் கூட்டம். ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். அதை மட்டும் பார்த்திருந்தால், இது கோவாவின் அரசு நிலையம்தான், ஆலோசகர் வந்தால் பெரும்பலன் என்று நானும் எழுதியிருப்பேன். பதினொரு மணிக்குச் செவிலியர் கிளம்பினார். காபித் தோட்டத்து லயன் வீடுகளில் நான்கு, மேலே மலையாளிப் பழங்குடிக் குடியிருப்பில் மூன்று. நான்காவது வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். செவிலியர் செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் உட்கார்ந்து தானும் மிளகைத் துழாவத் தொடங்கினார். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. “ஆடு குட்டி போட்டதா?” என்று கேட்டார். “போட்டது நர்சம்மா. ஒன்று செத்துப்போனது” என்றார் அந்தப் பெண். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு ராத்திரியில் விழிப்பு வருகிறதா, கணவர் கீழே வேலைக்குப் போன இடத்திலிருந்து பணம் அனுப்பினாரா, போன வாரம் சொன்னபடி அக்காள் வீட்டுக்குப் போய்வந்தாளா என்று ஒவ்வொன்றாக வந்தது. இருபது நிமிடம் இருந்திருக்கும். எழும்போது ஒரு நீளமான நோட்டில் தேதியையும் இரண்டு வரியையும் எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே அப்படிப் பல தேதிகள் இருந்தன.

போன வாரம் பேசிய சிறு காரியத்தைச் செய்தாளா என்று கேட்பது, முடங்கிக் கிடப்பவரை வெளியே நடமாட வைப்பது: 2017 கோவா ஆய்வில் ஆலோசகர்கள் செய்ததும் இந்த வகை வேலையே. இந்தச் செவிலியர் அதைப் படித்துச் செய்யவில்லை. பலன் எவ்வளவு என்று யாரும் அளந்ததும் இல்லை. ஆகவே அவருடைய வருகையால்தான் மலையில் மனச்சோர்வு தணிகிறது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு நாள் பார்த்ததை வைத்து அப்படிச் சொன்னால், உங்கள் மூன்றாம் பக்க வாக்கியத்தைவிட என் வாக்கியம் மோசமாகிவிடும். ஆனால் நம் மலை கோவாவின் அரசு நிலையமா, தனியார் கிளினிக்கா என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. மருத்துவரின் அறையில் அது முதலாவதைப் போல இருக்கிறது. திண்ணையில் இரண்டாவதைப் போல இருக்கிறது. நீங்கள் குறைக்க நினைப்பது அந்தத் திண்ணையை. ஆலோசகரை நியமித்து, செவிலியரின் வருகையை எடுத்துவிட்டால், எந்த ஆய்வின் எந்தக் கட்டமும் உங்களுக்கு வழிகாட்டாது. ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஆய்வுகளில் ஆலோசனை வழக்கமான கவனிப்புக்கு மேல் சேர்க்கப்பட்டது. அதைக் கழித்துவிட்டு அல்ல.

ஆகவே கேட்கிறேன். வரைவின் அடிப்படையான தொகுப்பாய்வை எடுத்து, அதில் காத்திருப்புப் பட்டியலோடு ஒப்பிட்டவை எத்தனை, வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டவை எத்தனை என்று பிரித்து, இரண்டாவது கொத்தின் விளைவளவையும் முன்கணிப்பு இடைவெளியையும் 0.65 இருக்கும் இடத்தில் அச்சிடுங்கள். ஒரு நாள் வேலைதான். கணக்குப் போட ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன்.

செவிலியரின் வருகைக்கான நிதியில் கை வைக்காதீர்கள். ஆலோசகர்களை எல்லா ஊருக்கும் ஒரே நாளில் அனுப்பப் பணமும் ஆளும் போதாது என்று வரைவே ஒப்புக்கொள்கிறது. அந்தப் பற்றாக்குறையை நல்லதாக்கிக்கொள்ளலாம். மலையில் உள்ள துணைச் சுகாதார நிலையங்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, முதல் ஆண்டு பாதி இடங்களுக்கு மட்டும் ஆலோசகரை அனுப்புங்கள். செவிலியர் எல்லா இடங்களிலும் நடக்கட்டும். ஆறு மாதம் கழித்து, எந்த ஊருக்கு ஆலோசகர் போனார் என்று தெரியாத ஒருவர் பி.எச்.கியூ-9 கேட்டு எழுதட்டும். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் அளக்க வேண்டாம். அப்போது கையில் கூலி இருக்கும், பேசவும் நேரம் இருக்காது, இரண்டுமே மதிப்பெண்ணைக் குழப்பும். இடங்கள் குறைவு என்பதால் விடையைச் சுற்றியுள்ள கோடு நீளமாகத்தான் வரும். ஆனாலும் அது நம் மலையில் வரைந்த கோடு.

அதற்கு முன் இன்னொன்று. செவிலியர்களிடம் இருக்கும் அந்த நீள நோட்டுகளை ஒரு கூட்டத்துக்கு வரவழைத்து, மேசைமேல் வைத்துப் புரட்டிப் பாருங்கள். மாதத்துக்கு எத்தனை வீடு, ஒரு வீட்டுக்கு எத்தனை வருகை, எந்தக் குடியிருப்புக்கு யாருமே போகவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் வரைவில் “வழக்கமான கவனிப்பு” என்ற தலைப்பில் ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். அந்தப் பத்திக்கு வேண்டிய எண்கள் அந்த நோட்டுகளில்தான் கிடைக்கும்.

ஆறு ஆய்வுகளின் கணக்கை ஒரே தாளில் எழுதி இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். பென்சில் வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
சேலம்